பெட்டிக்குள் பூனை: பேத்திக்குக் கதை சொல்லுமுன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

பேரன் பேத்திக்கு அறிவியல் கதை சொல்லும் பழக்கம் உள்ள தாத்தா பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன். ஷ்ரோடிங்கரின் பூனை என்ற கதை இப்போது எல்லாப் பிள்ளைகளின் காதிலும் எப்படியோ விழுந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அது ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்தது. கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி, நாலாம் வகுப்புக்குப் போகப்போகிறவள், ஏதோ ஒரு சின்ன வீடியோ பார்த்திருக்கிறாள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது, நாம் திறந்து பார்த்தால்தான் எது என்று முடிவாகும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் எங்கள் வீட்டுப் பூனை சுண்டுவை ராத்திரி சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்த விடவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டோம். அவள் அப்பா தோஹாவில் வேலை பார்க்கிறார். இரவு ஷிஃப்டில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டார். ஒரு நாள் மொட்டை மாடியில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நாம பார்க்காதப்போ அப்பாவும் ரெண்டு மாதிரியும் இருப்பாரா தாத்தா?" என்று கேட்டாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்விக்குச் சமன்பாடு இல்லாமல், ஒரு குழந்தைக்குப் புரியும்படி, அதே சமயம் பொய்யில்லாமல் பதில் சொல்ல எனக்கு அந்த விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது.

வீட்டில் ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். என் மகள், "அதெல்லாம் சும்மா கதைடி, விடு" என்றாள். என் மனைவி திருநீறு பூசிவிட்டாள். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர், "பாப்பா, உள்ளே ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும். என்னன்னு நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்று விளக்கினார். அதைக் கேட்டு அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா தெரியாததும் ரெண்டுமா இருக்கிறதும் வேற வேறன்னு வீடியோல சொன்னாங்களே" என்றாள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பூனையைப் பொறுத்தவரை அந்த மாணவர் சொன்னது நியாயமாகப் படுகிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் அணுவைப் பொறுத்தவரை வீடியோ சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் எந்த ஆறுதல் சொன்னாலும் புத்திசாலிக் குழந்தை அதில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும். இதற்காக நான் வாங்கிய புத்தகங்களில் பாதி நேரே கணக்குக்குள் போயின, மீதி அந்த வீடியோவையே நீட்டி எழுதியதுபோல் இருந்தன.

முதலில் சொல்ல வேண்டியது, இந்தக் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை. நான் பார்த்த எந்த வீடியோவும் இதைச் சொல்வதில்லை. எர்வின் ஷ்ரோடிங்கர் 1935-ல் இதை ஒரு ஜெர்மன் அறிவியல் இதழில் எழுதினார். அவர் ஆஸ்திரியாக்காரர். பெர்லினில் பேராசிரியராக இருந்தவர், நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் அங்கிருந்து வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அதே வருடம் நோபல் பரிசும் கிடைத்தது. அணுக்களின் நடத்தையைச் சொல்லும் சமன்பாட்டை எழுதியவரே அவர்தான். அந்தச் சமன்பாட்டை அப்படியே பெரிய பொருளுக்கும் நீட்டினால் எவ்வளவு அபத்தமான இடத்துக்குப் போய்விடுகிறோம் என்று காட்டத்தான் பூனையைப் பெட்டியில் வைத்தார். கேலிக்கூத்தான உதாரணம் என்று அவரே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அதற்குச் சில மாதம் முன்னால் ஐன்ஸ்டைன் அவருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு வெடிமருந்துக் குவியல் வெடித்ததாகவும் வெடிக்காததாகவும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்று கேட்டிருந்தார். பூனை அந்தப் பேச்சின் தொடர்ச்சி. ஆக, பூனை அப்படி இருக்கிறது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. இப்படி இருக்க முடியாதே, அப்படியானால் நம் புரிதலில் என்ன குறைகிறது என்று முறையிட்டார். இதை நான் சொன்னபோது பேத்தி எழுந்து உட்கார்ந்து, "அப்போ அந்தத் தாத்தாவும் நம்பலையா?" என்று கேட்டாள். நம்பவில்லை என்றேன். நிஜத்தில் எந்தப் பூனையையும் யாரும் அப்படிப் பெட்டியில் போடவில்லை, அது மனசுக்குள் மட்டும் செய்து பார்த்த சோதனை என்றும் சொன்னேன். பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. கதையை எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால், இங்கிருந்து என்றுதான் சொல்வேன்.

அப்புறம் பெட்டி. மூலக்கதையில் எஃகு அறை, கதிரியக்கப் பொருள் துளி, அதில் ஒரு அணு உடைந்தால், அதாவது சிதைந்தால், 'டிக்' என்று ஒலிக்கும் கைகர் எண்ணி, ஒரு சுத்தியல், விஷக்குப்பி எல்லாம் உண்டு. நான் விஷத்தை எடுத்துவிட்டுப் பால் வைத்தேன். எண்ணி 'டிக்' என்றால் சுத்தியல் விழுந்து ஒரு மூடி திறக்கும், கிண்ணத்தில் பால் கொட்டும், சுண்டு குடித்துவிடும். 'டிக்' கேட்காவிட்டால் சுண்டு பசியோடு இருக்கும். இயற்பியலில் ஒரு இழையும் இதனால் மாறவில்லை, ஏனென்றால் கதைக்குத் தேவையானது சாவு இல்லை. ஒரு அணுவுக்குள் நடக்கும் சின்ன விஷயம் கண்ணால் பார்க்கக்கூடிய பெரிய வித்தியாசமாக வளர வேண்டும், அவ்வளவுதான். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் விஷத்தைக் கொண்டுவராதீர்கள். அது வந்துவிட்டால் பிள்ளை பூனையைப் பற்றி மட்டும்தான் யோசிக்கும், அணு பக்கமே வராது.

அணுவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு இடத்தில் நிறைய நேரம் நின்றோம். கதிரியக்கப் பொருளில் எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஷ்ரோடிங்கர் வைத்தது மிகக் கொஞ்சம். ஒரு மணி நேரத்தில் ஒரு அணு சிதையலாம், எதுவுமே சிதையாமலும் போகலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு. "ரொம்ப வயசான அணுதான் முதல்ல உடையுமா?" என்று கேட்டாள். இல்லை. அணுவுக்கு வயசே ஆவதில்லை. கோடி வருடம் சிதையாமல் இருந்த அணுவும் நேற்று உண்டான அதே வகை அணுவும் அடுத்த ஒரு மணி நேரத்தில் சிதைய ஒரே வாய்ப்புதான். உள்ளே தேய்ந்துகொண்டு வரும் பாகம் என்று எதுவும் இல்லை. நாள் குறித்து வைத்த சீட்டும் உள்ளே இல்லை. இது அவளுக்குப் பிடித்துப்போய் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பள்ளியில் இதை வைத்துப் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் இதில் எவ்வளவு ஆச்சரியம் இருக்கிறது என்பது ஒரு குழந்தை கேட்கும்போதுதான் உறைக்கிறது.

சரி, சிதைந்ததா சிதையாததா என்று சொல்ல முடியாத நிலையில் அணு எப்படித்தான் இருக்கிறது? இதற்கு ஷ்ரோடிங்கரே அந்தக் கட்டுரையில் ஒரு உவமை தருகிறார். கை ஆடியோ ஃபோகஸ் தப்பியோ எடுத்த படம் ஒன்று. மேகத்தையும் மூடுபனியையும் எடுத்த படம் இன்னொன்று. இரண்டும் கலங்கலாகத்தான் தெரியும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. நல்லவேளையாக என் போனில் இரண்டு வகைப் படமும் இருந்தன. ஒன்று சுண்டு ஓடும்போது பேத்தியே எடுத்தது, வால் எங்கே தலை எங்கே என்று தெரியாது. இன்னொன்று கொடைக்கானலில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி ஏறியபோது எடுத்தது. இரண்டையும் விரலால் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். சுண்டு படத்தில் பூனை தெளிவாகத்தான் இருந்தது, படம்தான் கலங்கல். கொடைக்கானல் படத்தில் ஒரு ஓரத்தில் இரும்புக் கம்பி வேலி வந்திருக்கிறது, அதன் துரு கூடத் தெரிகிறது. அப்படியானால் கேமராவில் கோளாறு இல்லை. பனிக்கே ஓரம் கிடையாது, அதனால் படத்திலும் ஓரம் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னது முதல் படம், 'நமக்குத் தெரியாது' வகை. அணு இரண்டாவது படம். அங்கே தெரிந்துகொள்ள ஒரு கூர்மையான ஓரம் இல்லவே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கதை முடிந்தது.

ஆனால் அவள் விடவில்லை. "அணு பனி மாதிரிதான்னு எப்படித் தெரியும்? நம்ம கேமராதான் மோசமோ என்னவோ?" நியாயமான கேள்வி. இதற்குக் கையில் எதையாவது காட்டியே ஆக வேண்டும். ஒளியை இரண்டு சின்னப் பிளவுகள் வழியே விட்டுச் சுவரில் என்ன விழுகிறது என்று பார்க்கும் இரட்டைப் பிளவு சோதனை செய்யலாம் என்று விளம்பரம் செய்த ஒரு கருவிப் பெட்டியை 2,400 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். பிளவுத் தகடு என்று வந்தது சும்மா அச்சடித்த பிளாஸ்டிக் தாள், கோடுகளின் ஓரம் மசமசவென்று இருந்தது. சுவரில் ஒரு சிவப்புப் பொட்டைத் தவிர எதுவும் வரவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, பிரித்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பணம் போனதுதான். உங்களுக்கு அந்தச் செலவே வேண்டாம். கடைவீதியில் விற்கும் சிவப்பு லேசர் பேனா ஒன்றும் தலைமுடி ஒன்றும் போதும்.

ஒரு அட்டையில் காசு அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் குறுக்கே ஒரு முடியை மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டி, இரு முனையையும் ஒட்டுப்பட்டையால் ஒட்டுங்கள். லேசரைப் புத்தக அடுக்கின் மேல் அசையாமல் வைத்து, கதிர் முடியின் மேல் விழும்படி அட்டையை முன்னால் நிறுத்துங்கள். அறை இருட்டாக இருக்க வேண்டும், சுவர் மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். முடியின் நிழல் ஒரு கறுப்புக் கோடாக விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விழுவது வேறு. பொட்டுக்கு இடமும் வலமும் சிவப்பு ஒளி நீண்டு, நடுநடுவே இருட்டுத் துண்டுகளோடு கோத்த பாசிமணி மாதிரி தெரியும். மூன்று மீட்டரில் இருட்டுக்கும் இருட்டுக்கும் இடைவெளி மூன்று சென்டிமீட்டர் போல வரும். அட்டையைத் திருப்பி முடியைக் கிடைமட்டமாக வைத்தால் வரிசை மேலும் கீழுமாக நிமிர்ந்துவிடும். பேத்தியின் முடி என் மனைவியின் முடியைவிட மெல்லியது. அதை வைத்தபோது இடைவெளி இன்னும் அகலமானது. சுவரில் பென்சிலால் குறி வைத்து அவளே அதைக் கண்டுபிடித்தாள். ஒன்றும் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, கதிர் முடியின் மேல்தான் விழுகிறதா என்பது. பெரும்பாலும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், அட்டையை மெதுவாக நகர்த்தினால் சட்டென்று வரும். லேசரைப் பெரியவர் கையில்தான் வைத்திருக்க வேண்டும். கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் எதுவும் எதிரில் இருக்கக் கூடாது. பச்சை லேசர் வேண்டவே வேண்டாம், மலிவாக வருபவற்றில் சில எழுதியிருப்பதைவிட அதிகமாகச் சுடும், கண்ணுக்கு ஆபத்து.

அந்த இருட்டுத் துண்டுகள்தான் சாட்சி. ஒளி முடியின் இடப்பக்கமாகவும் வருகிறது, வலப்பக்கமாகவும் வருகிறது. சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு பக்கமாக மட்டும் வந்தால் அழிப்பதற்கு ஆள் இல்லை. இதுவரை அலை என்று சொல்லி முடித்துவிடலாம். அடுத்ததுதான் ஆச்சரியம். 1909-ல் ஜெஃப்ரி டெய்லர் என்ற ஆங்கிலேயர் இதையே ஊசியை வைத்துச் செய்தார். ஒளியை மிக மிக மங்கலாக்கி, சுமார் மூன்று மாதம் ஒரே புகைப்படத் தகட்டை அப்படியே வைத்திருந்தார். அவ்வளவு மங்கலில் ஒரு நேரத்தில் ஒரு ஒளித்துகளுக்கு மேல் பெட்டிக்குள் இருப்பதே அபூர்வம். ஆனாலும் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் அதே வரிகள் வந்தன, மங்கவே இல்லை. 1989-ல் ஜப்பானில் தொனோமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம் எடுத்தது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது, கொஞ்ச நேரம் கோலமே இல்லாத தூறல் மாதிரி இருக்கிறது, ஆயிரக்கணக்கில் சேரும்போது வரிகள் எழுந்து வருகின்றன. தனியாக வந்த ஒன்று யாரோடு சேர்ந்து அழித்துக்கொண்டது? ஏதோ ஒரு பக்கமாகத்தான் வந்தது, எது என்று நமக்குத்தான் தெரியாது என்று சொன்னால் அந்த இருட்டை விளக்க முடியாது. அதனால்தான் இதைப் பனி என்கிறோம். "அப்போ அது ரெண்டு பக்கமும் போச்சா?" என்று கேட்டாள். 'ஆம்' என்று சொல்லிவிடாதீர்கள், பிள்ளை அதை இரண்டாகப் பிளந்த பந்தாக நினைத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் போச்சு, அந்தப் பக்கம் போச்சு என்ற பேச்சே அதற்குப் பொருந்தாது என்றேன். அவளுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. எனக்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இனி அவள் அப்பா. அணு பனி என்றால், அணுக்களால் ஆன பூனையும் அப்பாவும் ஏன் பனி இல்லை? வீடியோ சொல்லாமல் விட்டதில் முக்கியமானது இதுதான். 1999-ல் வியன்னாவில் ஒரு குழு, அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் சேர்ந்த ஒரு மூலக்கூறை வைத்து இதே மாதிரி வரிகளைக் காட்டியது. சில வருடம் கழித்து, அதைவிடக் கொஞ்சம் பெரிய, எழுபது கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறைப் பறக்கும் வழியிலேயே லேசரால் சுட வைத்துப் பார்த்தார்கள். சூடு ஏற ஏற வரிகள் மங்கின, கடைசியில் இல்லாமலே போயின. சூடான பொருள் சும்மா இருக்காது, ஒளியை உமிழும். அந்த ஒளி போகும்போது, மூலக்கூறு எந்தப் பக்கம் இருந்தது என்ற சேதியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதை யாரும் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. சேதி வெளியே கசிந்தாலே வரி போய்விடும். இங்கே அழுத்தி ஒன்று சொல்ல வேண்டும்: இயற்பியலில் 'பார்ப்பது' என்றால் மனிதக் கண் பார்ப்பது என்று பொருள் இல்லை. சுண்டு வெதுவெதுப்பான பிராணி. மூச்சு விடுகிறது, தரையை அழுத்துகிறது, ஒவ்வொரு கணமும் எண்ண முடியாத காற்று மூலக்கூறுகள் அதன் ரோமத்தில் மோதி, அது எங்கே எப்படி இருக்கிறது என்ற சேதியை எடுத்துக்கொண்டு போகின்றன. பெட்டியில் கைகர் எண்ணி 'டிக்' என்ற கணத்திலேயே, மூடியை யாரும் திறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, விஷயம் உள்ளேயே ஊரறிந்ததாகிவிட்டது.

"அப்பாவைச் சுற்றிக் காற்று இருக்குல்ல?" என்று கேட்டேன். இருக்கு என்றாள். "நடக்கிற தரை இருக்கு. வெயில் அடிக்குது, விளக்கு எரியுது. நாம போன் பண்ணலைன்னாலும் இத்தனையும் அவரை விடாம பார்த்துக்கிட்டே இருக்கு கண்ணு. அவரு பனி ஆகவே முடியாது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "ராத்திரி லைட் அணைச்சா?" என்றாள். காற்று அணையாது, உடம்புச் சூடும் அணையாது என்றேன். அன்று போன் வருமுன்பே தூங்கிவிட்டாள். வந்த போனை நான்தான் எடுத்து, மருமகனிடம் நடந்ததைச் சொன்னேன். அதுவரை தன் மகள் எதற்குப் பயப்படுகிறாள் என்றே அவருக்குத் தெரியாது. இப்போது ஷிஃப்டுக்குப் போகுமுன் ஒரு குரல் செய்தி அனுப்பிவிடுகிறார். இந்தப் பயம் வந்த பிள்ளை வீட்டில் இருந்தால், வெளியூரில் இருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேதி கசிவதால் பனி ஏன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது விளங்குகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அணு சிதைந்தது, சிதையாமல் இல்லை, என்று அந்த ஒரு முடிவு மட்டும் ஏன் வந்தது என்பதற்கு இது பதில் ஆகாது. பால் கொட்டிய பெட்டியும் கொட்டாத பெட்டியும் சமன்பாட்டில் இரண்டும் இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது ஒன்று. இதற்கு இயற்பியலாளர்கள் இன்றும் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. இரண்டும் வேறு வேறு உலகங்களாகத் தொடர்கின்றன என்பவர்கள் இருக்கிறார்கள், சமன்பாட்டிலேயே ஒரு உறுப்பு குறைகிறது என்பவர்கள் இருக்கிறார்கள், அது கேட்கத்தகாத கேள்வி என்பவர்களும் இருக்கிறார்கள். பல உலகக் கதையை நான் பேத்தியிடம் எடுக்கவில்லை. இன்னொரு உலகத்தில் இன்னொரு அப்பா என்று அவள் தொடங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். "ஏன் பால் கொட்டுச்சு, ஏன் கொட்டாம இல்லைன்னு மட்டும் இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது" என்று மட்டும் சொன்னேன். "டீச்சருக்குமா?" என்றாள். "டீச்சருக்கும் தெரியாது, நோபல் பரிசு வாங்கினவங்களுக்கும் தெரியாது" என்றேன். அந்தத் தெரியாமை அவளைப் பயமுறுத்தவில்லை. மறுநாள் காலையில் அட்டையையும் முடியையும் எடுத்துக்கொண்டு, சுண்டுவின் ரோமத்தை வைத்தால் இடைவெளி எவ்வளவு வரும் என்று கேட்டு வந்து நின்றாள்.